வகுப்பில் வரும் திடீர்ப் பீதி: பள்ளி ஆலோசகருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு போதவில்லை, எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போலிருக்கிறது. இதைப் பள்ளி ஆலோசகரிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அவர் அறைக்குள் போய் உட்கார்ந்தால் வாயே வராது என்றும் பயமாக இருக்கிறது. அப்படியானால் கடிதம் நல்ல வழி. கடிதத்தை வீட்டில், படபடப்பு இல்லாத நேரத்தில், அடித்துத் திருத்தி எழுதலாம்.

மாணவர்களின் கடிதங்களைப் படித்து, அவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பதோ, உங்கள் வாழ்க்கை முழுவதையும் சொல்வதோ கடிதத்தின் வேலை இல்லை. வகுப்பில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை ஆலோசகர் கண்ணால் பார்ப்பது போலக் காட்டி, எப்போது சந்திக்கலாம் என்று கேட்டால் போதும். மற்றதெல்லாம் நேரில் வரும்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு விஷயம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்ற எண்ணம் இருந்தால் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றே, அருகில் இருக்கும் நம்பகமான பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கடிதம் ஒரு மேஜையில் இரண்டு நாள் கிடக்கக்கூடும். அந்த எண்ணம் அவ்வளவு நேரம் தனியாகக் கிடக்கக் கூடாது.

முதலில் வரும் வரைவு

பெரும்பாலானவர்கள் முதலில் எழுதுவது இந்த மாதிரி இருக்கும்:

"மேடம், எனக்கு எப்போதும் ரொம்பப் பதற்றமாக இருக்கிறது. வகுப்பில் உட்காரவே முடியவில்லை. எனக்கு பேனிக் டிஸார்டர் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும். முடிந்தால் உதவி செய்யுங்கள்."

இதில் பொய் எதுவும் இல்லை, வேதனையும் உண்மைதான். ஆனால் படிக்கும் ஆலோசகருக்குக் கையில் பிடிக்க எதுவும் கிடைக்காது. "எப்போதும்" என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலையிலுமா, கணக்குப் பாடத்தில் மட்டுமா? "உட்கார முடியவில்லை" என்றால் எழுந்து போய்விடுகிறாரா, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? நோயின் பெயரைப் போட்டது கேள்விகளைக் குறைக்கவில்லை. அந்தப் பெயரை வைப்பது பெரும்பாலும் மருத்துவரோ உளவியல் நிபுணரோ செய்யும் வேலை. அதற்கு அவர்கள் பார்ப்பது, எதிர்பாராத நேரத்தில் வரும் பீதி திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா, அதன் பிறகு ஒரு மாதமோ அதற்கு மேலோ "மறுபடி வந்துவிடுமோ" என்ற கவலையோ, அதற்காகப் பழக்கங்களை மாற்றிக்கொள்வதோ இருக்கிறதா என்பதைத்தான். இந்த விவரங்களை நீங்கள் எழுதிவிட்டால் பெயர் தேவையே இல்லை.

மன்னிப்புக் கேட்கும் வரியையும் எடுத்துவிடுங்கள். ஆலோசகர் அங்கே இருப்பதே இதற்காகத்தான்.

ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடைசியாக நடந்ததை எடுத்துக்கொள்ளலாம், அல்லது தெளிவாக நினைவில் இருப்பதை. மிக மோசமானதைத்தான் எழுத வேண்டும் என்பதில்லை. ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதிலைக் கிறுக்கிக்கொள்ளுங்கள்: அப்போது வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது? உடம்பில் என்ன தெரிந்தது? மனதில் ஓடிய பயம் என்ன? நான் என்ன செய்தேன், எப்போது சரியானது?

உடம்பைப் பற்றி எழுதும்போது "ஒரு மாதிரியாக இருந்தது" என்று நிறுத்தாமல் பெயர் சொல்லி எழுதுங்கள். நெஞ்சு வேகமாக அடிப்பது, வியர்வை, கை நடுக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், குமட்டல், தலைசுற்றல், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது, சுற்றி நடப்பது எல்லாம் கனவு போலத் தூரமாகத் தெரிவது ஆகியவை பீதியில் வழக்கமாக வருபவை. மரத்துப்போவதைப் பலர் எழுதுவதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் அவர்களுக்கு. மரத்துப்போவதற்கு எளிய காரணம் உண்டு. பயத்தில் உடம்புக்குத் தேவையானதைவிட வேகமாக மூச்சு விடுகிறோம், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் விரல் நுனி கூசுகிறது, தலை லேசாகிறது. இதைப் படிக்கும் ஆலோசகர் திடுக்கிட மாட்டார். அவருக்கு அது தெரிந்த முகம்.

நேரத்தையும் எழுதுங்கள். இந்தப் பீதி சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். நாள் முழுவதும் ஒரே அளவில் நீடிக்கும் கவலை வேறு வகை, அதற்கான உதவியும் கொஞ்சம் வேறு. ஆகவே "பத்து நிமிடத்தில் குறைந்தது" என்பதோ "மாலை வரை அப்படியே இருந்தது" என்பதோ, எது உண்மையோ அது பயனுள்ள தகவல்.

மனதில் ஓடிய பயம் இன்னும் முக்கியம். வாசிக்க எழுந்தால் குரல் நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள் என்பது ஒரு பயம். இதயம் நின்றுவிடும், செத்துவிடுவேன் என்பது இன்னொன்று. முதலாவதில் மற்றவர்களின் பார்வை மையமாக இருக்கிறது, இரண்டாவதில் உடம்பே பயமுறுத்துகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே ஓடிய வாக்கியத்தை நீங்கள் எழுதினால்தான் ஆலோசகருக்கு வித்தியாசம் புரியும். அந்த வாக்கியம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் அப்படியே எழுதுங்கள்.

எதைத் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள்?

கடிதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான். ஆலோசகர் முதலில் தேடுவதும் இதைத்தான் என்பேன்.

பீதி வந்த பிறகு, அது மறுபடி வராமலிருக்க நாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள் செய்துகொள்கிறோம். கதவோரம் உட்காருவது, தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே பிடித்திருப்பது, நம் முறை வருவதற்குள் கழிவறைக்கு அனுமதி கேட்பது, குறிப்பிட்ட பாடம் இருக்கும் நாளில் வயிற்றுவலி என்று சொல்வது. வெளியே போனதும் படபடப்பு இறங்குகிறது. "வெளியே வந்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை முடிவு செய்கிறது. உள்ளேயே இருந்திருந்தாலும் அது தானாக இறங்கியிருக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது, இன்னொரு வகுப்புக்கும் பரவுகிறது. பீதி எத்தனை முறை வந்தது என்பதைவிட, அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் நிலைமை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காட்டும்.

பொய் சொல்லி லீவு போட்டதை எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதிவிடுங்கள். தண்டிக்க வேண்டிய விஷயமாக அதை ஆலோசகர் பார்க்க மாட்டார். பயம் உங்களை எவ்வளவு நெருக்கியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

எழுதி முடித்த கடிதம்

மேலே பார்த்த வரைவை எழுதிய மாணவி பதினோராம் வகுப்பில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகு அவருடைய கடிதம் இப்படி இருக்கலாம்:

> வணக்கம் மேடம்,
>
> நான் பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறேன். வகுப்பில் இருக்கும்போது எனக்குத் திடீரென்று பெரிய பயம் வருகிறது. அதைப் பற்றி உங்களைச் சந்தித்துப் பேச வேண்டும்.
>
> போன செவ்வாய்க்கிழமை வரலாற்று வகுப்பில் எல்லோரையும் வரிசையாக எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் மீதி இருந்தபோது மூச்சு போதவில்லை, விரல் நுனி மரத்துப்போனது, வாசிப்பவரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. மயங்கி விழப்போகிறேன், எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மயக்கம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்கக் களைப்பாக இருந்தது.
>
> இந்த மாதம் இப்படி மூன்று முறை நடந்திருக்கிறது. இரண்டு முறை வரலாற்று வகுப்பில். ஒரு முறை வேதியியல் வகுப்பில். அன்று யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.
>
> இப்போதெல்லாம் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறேன். என் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே இருப்பதால் பாடம் காதில் விழுவதில்லை. போன வாரம் ஒரு நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு வரவில்லை. உண்மையில் வயிறு வலிக்கவில்லை.
>
> என் தோழி ஒருத்திக்கு மட்டும் தெரியும். வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் என்னிடம் பேசிவிட்டுச் சொல்வீர்களா? என்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.
>
> திங்கள், புதன் மதிய இடைவேளையில் என்னால் வர முடியும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட வேண்டாம், மேடம். நேரத்தை எழுதி, மூடிய உறையில் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தால் எனக்கு வந்துவிடும். பேசும்போது வார்த்தை வராமல் போகலாம். அதனால் இந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருப்பேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், வகுப்பு, பிரிவு)

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. முதல் பத்தியிலேயே வேண்டுகோள் வந்துவிட்டதையும் கவனியுங்கள். அவசரமாகப் புரட்டுபவருக்கும் எதற்கு வந்த கடிதம் என்பது உடனே தெரிந்துவிடும்.

வேதியியல் வகுப்பைப் பற்றிய அந்த ஒரு வரி சின்னதாகத் தெரியலாம், ஆனால் கனமானது. வரலாற்று வகுப்பில் மட்டும் வந்திருந்தால், சத்தமாக வாசிக்கும் பயம் என்று ஆலோசகர் யோசிப்பார். எந்தக் காரணமும் இல்லாத இடத்திலும் வந்திருக்கிறது என்றால், பயம் உடம்பின் அறிகுறிகளையே பிடித்துக்கொண்டுவிட்டதா என்று கூடுதலாகக் கேட்பார். உங்கள் கணக்கோடு பொருந்தாத ஒரு சம்பவம் இருந்தால் அதை மறக்காமல் சேருங்கள்.

"காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இல்லை" என்பதை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஆலோசகர் எப்படியும் இதைக் கேட்பார். மாணவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி அது. கேட்டால் பயந்துவிட வேண்டாம்.

சந்திப்பை எப்படிக் கேட்பது

மாணவி இரண்டு நேரங்களைச் சொல்லியிருக்கிறார், இரண்டும் இடைவேளை. வரலாற்று வகுப்பு நடக்கும் நேரத்தைக் கேட்கவில்லை. இது தற்செயலாக நடந்ததாக இருக்கக் கூடாது. பயப்படும் பீரியடிலேயே சந்திப்பு வைத்தால், ஆலோசகரின் அறையும் தப்பிக்கும் வழிகளில் ஒன்றாகிவிடும். வேறு நேரமே இல்லையென்றால் பரவாயில்லை, ஆனால் அதை முதல் தேர்வாகக் கேட்காதீர்கள்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதுவது நல்லது. பாடத்தின் நடுவில் யாரோ வந்து "உன்னைக் கவுன்சலர் வரச் சொன்னார்" என்று சத்தமாகச் சொன்னால், இந்த வகைப் பயம் உள்ளவருக்கு அதுவே அடுத்த படபடப்பைக் கிளப்பிவிடும். ஆலோசகருக்கு இது தோன்றாமல் போகலாம், சொல்லிவிட்டால் கட்டாயம் பார்த்துக்கொள்வார்.

"இனிமேல் என்னை வாசிக்கவே சொல்லக் கூடாது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள்" என்று எழுதக் கை துடிக்கும். கடிதத்தில் அதைக் கேட்காமல் சந்திப்பை மட்டும் கேளுங்கள். நிரந்தர விலக்கு கிடைத்தால் அந்த வாரம் நிம்மதி, அடுத்த வருடம் இன்னும் பெரிய பயம். ஆலோசகர் பொதுவாகப் படிப்படியாகப் போவார். முதலில் அவர் முன்னால் மட்டும் ஒரு பத்தி வாசிப்பது, பிறகு ஒரு தோழியும் உடன் இருக்கும்போது, பிறகு வகுப்பில் முன்கூட்டியே தெரிந்த இரண்டு வரி, அப்புறம் வழக்கமான முறை. இடையில் தேவைப்பட்டால், ஐந்து நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவதற்கு ஆசிரியரோடு பேசி ஓர் ஏற்பாடு செய்வார். அதில் திரும்பி வருவதுதான் முக்கியமான பாதி.

ரகசியம்

"யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று கேட்டால் நல்ல ஆலோசகர் சத்தியம் செய்ய மாட்டார். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலோ, யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ அவர் வேறு பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். பெற்றோருக்கு எதை, எப்போது சொல்வது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். மாணவி எழுதியது போல "முதலில் என்னிடம் பேசிவிட்டு" என்று கேட்பது, ஆலோசகர் ஒப்புக்கொள்ளக்கூடிய வேண்டுகோள். சந்திப்பின் தொடக்கத்திலேயே "எதையெல்லாம் நீங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் தெரிந்த பிறகு பேசுவது எளிது.

மருத்துவரிடம் போக வேண்டியவை

நெஞ்சு படபடப்புக்கெல்லாம் பயம்தான் காரணம் என்று கடிதத்திலோ மனதிலோ முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ நெஞ்சு வலித்தால், உண்மையிலேயே நினைவிழந்து விழுந்திருந்தால், மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டிலும் சொல்ல வேண்டும். தைராய்டு கோளாறு, இரத்தசோகை, ஆஸ்துமா, இதயத் துடிப்பில் சிக்கல் போன்றவையும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டும். காலையில் சாப்பிடாமல் காபியோ எனர்ஜி டிரிங்கோ குடித்துவிட்டு வரும் பழக்கம் இருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். காஃபீன் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், பீதி வரும் வாய்ப்பையும் கூட்டும்.

கொடுப்பதும் காத்திருப்பதும்

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, ஆலோசகரின் பெயரை எழுதி, முடிந்தால் நேராக அவர் கையிலோ அவருடைய அறையிலோ கொடுங்கள். வகுப்புத் தோழர்கள் மூலம் கொடுத்தனுப்ப வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுநர் முகவரியை இரண்டு முறை சரிபாருங்கள், தலைப்பில் "சந்திக்க நேரம் வேண்டும்" என்று மட்டும் போடுங்கள். பலர் சேர்ந்து பார்க்கும் பள்ளிக் கணக்குக்கு அனுப்புவதாக இருந்தால் சம்பவத்தை எழுதாமல் நேரம் மட்டும் கேட்டுவிட்டு, முழுக் கடிதத்தை நேரில் கொடுப்பது பாதுகாப்பு.

நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் உட்கார்ந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டால் அதை எடுத்து வாசிக்கலாம், அல்லது "இதில் மூன்றாவது பத்தியிலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்று விரலால் காட்டலாம். அழுகை வந்தாலும் பாதகமில்லை. அந்த அறையில் அது நடக்கும்.

இரண்டு மூன்று பள்ளி நாட்களில் பதில் வராவிட்டால், உங்களைத் தவிர்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆலோசகர் பல நூறு மாணவர்களைப் பார்க்க வேண்டியிருக்கலாம், உறை வேறு காகிதங்களுக்கு அடியில் போயிருக்கலாம். அறை வாசலில் போய், "மேடம், ஒரு கடிதம் கொடுத்திருந்தேன், பார்த்தீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். வேறு எதுவும் விளக்க வேண்டியதில்லை. அதற்கும் நேரம் கிடைக்கவில்லை என்றால், நகலை நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, "இதை ஆலோசகரிடம் சேர்த்து, எனக்கு ஒரு நேரம் வாங்கித் தருவீர்களா?" என்று கேளுங்கள். பெரியவர் ஒருவர் கேட்டால் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே நேரம் கிடைத்துவிடும்.